‘டூ த நீட்ஃபுல்’னு எழுதினா பையர் என்னதான் செய்வாங்க?

கேள்வி: திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஜூனியர் மெர்ச்சண்டைசரா இருக்கேன். எங்க ஜெர்மன் பையருக்கு 6,000 பீஸ் நேவி டீ-ஷர்ட் ஆர்டர். டையிங்ல ஒரு லாட் ஷேடு தப்பிடுச்சு, கொஞ்சம் லேட் ஆகும். அதைச் சொல்ல நான் போட்ட மெயில் இது: “டியர் சார், க்ரீட்டிங்ஸ் ஆஃப் த டே. வித் ரெஃபரன்ஸ் டு த ட்ரெயிலிங் மெயில், வீ வுட் லைக் டு இன்ஃபார்ம் தட் டியூ டு அன்ஃபோர்சீன் சர்கம்ஸ்டன்சஸ் அட் டையிங் எண்ட், தேர் இஸ் எ ஸ்லைட் டிலே இன் த சப்ஜெக்ட் ஆர்டர். கைண்ட்லி பேர் வித் அஸ் அண்ட் டூ த நீட்ஃபுல். ப்ளீஸ் ரிவர்ட் அட் த எர்லியஸ்ட்.” மூணு நாள் பதிலே இல்ல. அப்புறம் ஒரே வரி வந்துச்சு, “வாட் டூ யூ நீட் ஃப்ரம் மீ?” எங்க மேனேஜர் “என்னம்மா கலெக்டருக்கு மனு எழுதின மாதிரி எழுதிருக்க”ன்னு சிரிக்கறார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஃப்ரீயா எழுதினேன், அப்போ “ஃப்ரெண்டுக்கா எழுதற”ன்னு திட்டினதும் அவர்தான். நான் எப்படித்தான் எழுதறது?
வாசகி, திருப்பூர்

பதில்:

முதல்ல ஒண்ணு, அந்தப் பையர் கோவப்படலைங்க. அந்த ஒரு வரிய நீங்க திட்டுன்னு எடுத்துக்கிட்டீங்கன்னு உங்க கடிதத்தப் படிச்சாலே தெரியுது, ஆனா அது நெஜமாவே கேள்விதான். உங்க மெயில்ல இலக்கணத் தப்பு பெருசா இல்ல, மரியாதைக்கும் குறைச்சல் இல்ல, ஆனா அதைப் படிச்சு முடிச்ச ஒருத்தர்கிட்ட போய் “எத்தனை பீஸ் லேட்டு, எத்தனை நாள் லேட்டு, இப்போ நீங்க என்ன பண்ணணும்”னு கேட்டா மூணுக்கும் பதில் சொல்ல முடியாது. அவங்க டேபிள்ல நம்மள மாதிரி எத்தனையோ சப்ளையர், ஒவ்வொருத்தர்கிட்டயும் பல ஸ்டைல் ஓடிட்டு இருக்கும். “சப்ஜெக்ட் ஆர்டர்”னு மட்டும் சொன்னா எந்த ஆர்டர்னு அவங்கதான் கீழ போய் தேடணும். தேடறதுக்கு நேரம் இல்லாததால மூணு நாள் கெடந்திருக்கு, அவ்வளவுதான்.

நிறைய பேர் இதை இங்கிலீஷ் பிரச்சனைன்னு நினைச்சு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல போய் சேர்ந்துடறாங்க. என்கிட்ட மெயில் எழுதக் கத்துக்க வர்ற பசங்ககிட்ட நான் பாக்கறது என்னன்னா, விறைப்பான வார்த்தை எங்கேயும் சும்மா வந்து உக்கார்றதில்ல, சொல்லப் பயப்படற இடத்துலயோ இல்ல நமக்கே விவரம் தெரியாத இடத்துலயோதான் கரெக்டா வந்து உக்காருது. உங்க மெயிலயே எடுத்துக்கோங்க. “அன்ஃபோர்சீன் சர்கம்ஸ்டன்சஸ்” இருக்கற இடத்துல இருக்க வேண்டியது, ஒரு லாட் துணி ஷேடு ஒத்து வரலைங்கற விஷயம். “ஸ்லைட் டிலே” இருக்கற இடத்துல ஒரு தேதி இருந்திருக்கணும். “டூ த நீட்ஃபுல்” இருக்கற இடத்துல அவங்க எடுக்க வேண்டிய முடிவு இருந்திருக்கணும். மூணு இடத்துலயும் விஷயத்த எடுத்துட்டு அது மேல ஒரு பட்டுத்துணி போர்த்தி வச்சிருக்கீங்க. அதனால வெறும் வார்த்தைய மாத்தினா போதாது, “ஸ்லைட் டிலே”க்கு பதிலா “ஸ்மால் டிலே”ன்னு எளிமையா எழுதினாலும் பையருக்கு ஒண்ணும் புரியப் போறதில்ல. அந்த எடத்துல எந்த விவரம் ஒளிஞ்சிருக்குன்னு பாத்து அதை வெளிய எடுத்துப் போடணும். போட்டுட்டீங்கன்னா அந்த வார்த்தைக்கு அங்க வேலையே இருக்காது, அதுவா விழுந்துடும்.

ஆக மெயில் எழுதறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஃபோன்ல இருக்கு. டையிங் மாஸ்டருக்கு கூப்பிடுங்க, எந்த லாட், எத்தனை கிலோ, என்ன தப்பு, சரி பண்ண முடியுமா, எப்போ கைக்கு வரும், இதை அஞ்சையும் கேட்டு நோட்டுல எழுதுங்க. “ரெண்டு மூணு நாள்ல ஆயிரும்மா”ன்னுதான் முதல்ல சொல்லுவாங்க, எல்லா டையிங்லயும் இதே பதில்தான், அதை அப்படியே வாங்கிட்டு வந்து பையருக்கு எழுதினா அப்புறம் ரெண்டாவது தடவை லேட்டுன்னு எழுத வேண்டி வரும், அது முதல் தடவைய விட மோசம். “ரீப்ராசஸ் போட்டு, காயவச்சு, காம்பாக்டிங் முடிச்சு, எங்க கட்டிங் டேபிளுக்கு எந்தத் தேதி வரும்ணே”ன்னு கேளுங்க. கேள்வில ஒவ்வொரு ஸ்டேஜும் இருந்தாத்தான் அவரும் கணக்குப் போட்டு சொல்லுவார். கூடவே, திரும்ப டையிங் போட்ட துணிக்கு கனத்தச் சொல்ற ஜி.எஸ்.எம்., ஷ்ரிங்கேஜ் ரெண்டையும் மறுபடி செக் பண்ணணும், அதுக்கும் நேரம் ஒதுக்கிக்கோங்க.

உங்க ஆர்டரையே எடுத்து ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம், உங்க கடிதத்துல இல்லாத நம்பரும் தேதியும் நானா வச்சுக்கறேன். இன்னிக்கு 19 மே. ஃபேக்டரிய விட்டு சரக்கு கிளம்ப வேண்டிய தேதி 5 ஜூன். தப்பின லாட் 400 கிலோ. பையர் அப்ரூவ் பண்ணின லேப் டிப்போட, அதாவது சாம்பிளுக்கு டை பண்ணின துண்டோட, வச்சுப் பாத்தா பகல் வெளிச்சத்துக்கு வைக்கற டி65 லைட்ல பரவாயில்ல, ஆனா கடை வெளிச்சத்துக்கு வைக்கற டிஎல்84 லைட்ல செவப்படிக்குது, அதனால உங்க க்வாலிட்டி ஆளே அதை நிறுத்தி வச்சிட்டார். ஒரு டீ-ஷர்ட்டுக்கு வேஸ்ட்டெல்லாம் சேத்து சுமாரா 200 கிராம் துணின்னு வச்சுக்கிட்டா 400 கிலோங்கறது 2,000 பீஸ். அந்தத் துணி இன்னிக்கு கட்டிங்குக்கு வந்திருக்கணும், ரீப்ராசஸ் முடிஞ்சு 26 மே வரும். ஆக 7 நாள்.

இப்போ பாருங்க, “ஆர்டர் லேட்டு”ங்கறது நெஜமே இல்ல. 6,000ல 4,000 பீஸ் சொன்ன தேதிக்கு கிளம்பும், 2,000 மட்டும்தான் 12 ஜூனுக்குப் போகுது. உங்க பழைய மெயிலப் படிச்ச பையர் மொத்த ஆர்டரும் மாட்டிக்கிச்சுன்னு நினைச்சிருப்பாங்க. அந்த மழுப்பல் வார்த்தையால நம்ம நிலைமை இருக்கறத விட மோசமா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணும் கவனிங்க, தப்ப கண்டுபிடிச்சது நம்ம ஆளுங்க. அதை “இட் வாஸ் அப்சர்வ்ட் தட்”னு யார் செஞ்சாங்கன்னே தெரியாம எழுதினா நமக்கு வர வேண்டிய நல்ல பேரும் சேந்து போயிடுது. “எங்க க்வாலிட்டி டீம் கட்டிங்குக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க”ன்னு எழுதுங்க, படிக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்.

அடுத்தது, பையர் முன்னாடி என்னென்ன வழி இருக்குன்னு பாக்கணும். ரெண்டா பிரிச்சு அனுப்பலாம், 5 ஜூன் 4,000, 12 ஜூன் 2,000. இல்லன்னா மொத்தமா 12 ஜூன் அனுப்பலாம், அவங்களுக்கு வேர்ஹவுஸ்ல ஒரே தடவையா இறக்கறது சௌகர்யமா இருக்கலாம், அது நமக்குத் தெரியாது. மூணாவது வழி அந்த 2,000 பீஸ ஏர்ல அனுப்பறது, ஆனா இதை ஜூனியர் யாரும் தானா எழுதிடாதீங்க. ஏர்ன்னு மெயில்ல வந்துட்டா “யார் செலவு”ங்கற கேள்வி அடுத்த நிமிஷமே வரும், அந்த ஆர்டர்ல இருக்கற லாபமே அதுல போயிடலாம். மேனேஜர் எழுத்துல ஓகே சொன்னா மட்டும்தான் அந்த வரி மெயிலுக்குள்ள வரணும். அவங்க பதில் எந்தத் தேதிக்குள்ள வேணும்ங்கறதையும் நீங்களா ஒரு தேதிய இஷ்டத்துக்குப் போடக் கூடாது, ஃபார்வர்டர்கிட்ட கேட்டு தூத்துக்குடில 5 ஜூன் சரக்குக்கு எப்போ புக்கிங் கன்ஃபார்ம் பண்ணணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடணும். 23 மேன்னு வச்சுக்குவோம்.

இவ்வளவும் நோட்டுல வந்தாச்சுன்னா மெயில் பத்து நிமிஷ வேலை. சாரத்தைத் தமிழ்ல எழுதறேன், நீங்க சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா மாத்திக்கோங்க, கஷ்டமே இருக்காது.

சப்ஜெக்ட்: ஸ்டைல் 4417 நேவி – 2,000 பீஸ் 7 நாள் லேட் – 23 மேக்குள்ள உங்க முடிவு வேணும்

டியர் (பையர் பேர்),

ஸ்டைல் 4417 நேவில 6,000ல 4,000 பீஸ் திட்டப்படி 5 ஜூன் கிளம்பத் தயாரா இருக்கும். பாக்கி 2,000 பீஸ் 12 ஜூன்தான் தயாராகும். இதுக்கு வருந்தறோம்.

காரணம்: ஒரு டையிங் லாட் டிஎல்84 லைட்ல அப்ரூவ் ஆன லேப் டிப்ப விட செவப்பா இருந்துச்சு. எங்க க்வாலிட்டி டீம் கட்டிங்குக்கு முன்னாடியே அதை நிறுத்திட்டாங்க, இப்போ ரீப்ராசஸ் போயிட்டிருக்கு. துணி 26 மே வரும், அன்னிக்கே அந்த லாட்டோட ஸ்வாட்ச் உங்களுக்கு கூரியர்ல அனுப்பறோம்.

இதுல எது உங்களுக்கு வசதின்னு சொல்லுங்க:
ஏ. 4,000 பீஸ் 5 ஜூன், 2,000 பீஸ் 12 ஜூன்
பி. 6,000 பீஸும் சேத்து 12 ஜூன்

கப்பல் புக்கிங்க கன்ஃபார்ம் பண்ண வேண்டி இருக்கறதால, 23 மே உங்க நேரம் மதியம் 12 மணிக்குள்ள பதில் வந்தா ஏ-வ கண்டிப்பா பண்ணிடலாம். அதுக்கு அப்புறம் வந்தா பி மட்டும்தான் முடியும்.

அவ்வளவுதான். இதுல ஒரு வார்த்தை கூட மரியாதை இல்லாம இல்ல, ஆனா மனு வாசனையும் இல்ல. பையர் ஃபோன்ல, ட்ரெயின்ல நின்னுக்கிட்டே படிச்சாக் கூட “ஏ ப்ளீஸ்”னு ரெண்டு வார்த்தைல பதில் போட்டுட முடியும். இந்த மாதிரி மெயிலுக்கு நான் வைக்கற பரீட்சை இதுதான், எதிராளி ரெண்டு மூணு வார்த்தைல பதில் சொல்ல முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா நாம இன்னும் கேள்விய கேக்கவே இல்லன்னு அர்த்தம். கடைசி வரியையும் பாருங்க, “அட் த எர்லியஸ்ட்”னு அவசரப்படுத்தல, பதில் வராட்டி என்ன ஆகும்னு மட்டும் சொல்லிருக்கு. “அர்ஜென்ட்”னு செவப்பு கொடி போட்ட மெயில் தினம் பத்து வரும் அவங்களுக்கு, அதையெல்லாம் யாரும் இப்போ கண்டுக்கறதில்ல. தேதி தாண்டினா ஒரு வழி அடைபடும்னு தெரிஞ்சாத்தான் கை தானா கீபோர்டுக்குப் போகும்.

ஷேடு விஷயம்ங்கறதால ஒண்ணு சொல்லிடறேன், ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து “ப்ளீஸ் சீ த ஷேடு அண்ட் அப்ரூவ்”னு அனுப்பறத வழக்கமா வச்சிருக்காங்க சில பேர். வேண்டாம். கேமராவுக்கு ஒரு நேவி, உங்க ஸ்க்ரீன்ல ஒரு நேவி, அவங்க ஸ்க்ரீன்ல ஒரு நேவி, அதுல அப்ரூவல் வாங்கினாலும் நாளைக்கு சண்டை வந்தா நிக்காது. துணித்துண்டு போகட்டும்.

இப்போ தொனிக்கு வருவோம். “டியர் சார்”ல ஆரம்பிச்சிருக்கீங்க, அந்தப் பையர் ஆம்பளைதானான்னு பாத்தீங்களா? நம்ம ஊர்ல எல்லாருக்கும் சார் போட்டு பழகிட்டோம், அங்க பையிங்ல நிறைய லேடீஸ் இருக்காங்க, அவங்களுக்கு “டியர் சார்”னு போனா நம்ம பேரக் கூட பாக்கலயா இவங்கன்னுதான் தோணும். யாரை எப்படிக் கூப்பிடறதுன்னு குழப்பமே வேண்டாம், அவங்க மெயிலோட அடில என்ன பேர் போட்டு முடிக்கறாங்களோ அதுதான் விடை. வெறும் முதல் பேர் போட்டு முடிச்சா நீங்களும் டியர் போட்டு முதல் பேர் எழுதுங்க, அவங்களே அப்படிக் கூப்பிடச் சொன்ன மாதிரிதான். முழுப் பேர் போட்டு முடிச்சா மிஸ்டரோ மிஸ்ஸோ போட்டு குடும்பப் பேர் எழுதுங்க, ஜெர்மனில முதல் அறிமுகத்துல குடும்பப் பேர் சொல்றது இன்னும் இருக்கற வழக்கம்தான். முதல் பேருக்கு முன்னாடி மிஸ் போடறது, பேருக்குப் பின்னாடி சார் மேடம் ஒட்டறது, ரெண்டும் அங்க கிடையாது.

மன்னிப்பு ஒரு தடவை போதும், அதுவும் விஷயத்த சொன்ன உடனே. “எனி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரெக்ரெட்டட்”னு கடைசில ஒட்டறது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு, அதைக் கேட்டு யாருக்காவது மனசு ஆறிருக்கா சொல்லுங்க. “வீ ஆர் சாரி அபவுட் திஸ்”னு மூணாவது வாக்கியத்துல வந்துட்டா வேலை முடிஞ்சுது. திரும்பத் திரும்ப சாரி சொன்னா என்ன ஆகும்னா, 2,000 பீஸ் விஷயம் 20,000 பீஸ் விஷயம் மாதிரி தெரியும்.

“கைண்ட்லி” பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. தப்பு வார்த்தை இல்ல, ஆனா ஒரே மெயில்ல நாலு தடவை வந்தா வெளிநாட்டுக்காரங்க காதுல அது பணிவா விழறதில்ல, பல்லக் கடிச்சுக்கிட்டு பேசற மாதிரி விழுது. “ப்ளீஸ்” போதும், அதுவும் வேலை சொல்ற இடத்துல மட்டும். “ரிவர்ட்”டுதான் நெஜமா ஆபத்தான ஆளு. நம்ம ஆபீஸ்ல அதுக்கு “பதில் போடுங்க”ன்னு அர்த்தம், நம்ம ஊர் இங்கிலீஷ் தெரியாத வெளிநாட்டுப் பையர் பலருக்கு அது “பழைய நிலைக்குத் திரும்பு”. சாதாரண மெயில்ல புரிஞ்சுக்குவாங்க, ஆனா நீங்க “ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த கலர்”னு எழுதினா, பழைய கலருக்கே போகச் சொல்றாங்களான்னு ஒருத்தர் யோசிக்க முழு வாய்ப்பு இருக்கு, நம்ம தொழில்ல அந்த யோசனை ஒரு லாட் துணி விலை. “ப்ளீஸ் ரிப்ளை”, இல்லன்னா “லெட் மீ நோ”ன்னு எழுதிட்டா முடிஞ்சுது. அதே மாதிரி “ஐ ஹேவ் எ டவுட்”. நாம கேள்வி இருக்குன்னு சொல்றோம், அவங்களுக்கு நாம அவங்கள நம்பலன்னு படலாம். “ஐ ஹேவ் எ க்வெஸ்சன் அபவுட் த நெக் லேபிள்”னு நேரா போங்க.

இந்த வார்த்தைல நிறைய எங்கேருந்து வந்துச்சுன்னா, வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ் ஃபைல்லேருந்து வந்து, டைப்ரைட்டர்ல உக்காந்து, அப்புறம் ஒரு சீனியர் அனுப்பின மெயில அடுத்த ஜூனியர் காப்பி பண்ணி பேர மட்டும் மாத்தி அனுப்பி, அப்படியே நம்ம கைக்கு வந்திருக்கு. உங்க கம்பெனிலயும் யாரோ ஒருத்தரோட பழைய மெயில்தான் உங்களுக்கு டெம்ப்ளேட்டா வந்திருக்கும், அதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல.

தேதில ஒரு எச்சரிக்கை. 05/06ன்னு எழுதவே எழுதாதீங்க. ஜெர்மன்காரங்களுக்கு அது 5 ஜூன், அதே மெயில அமெரிக்க பையருக்குப் போட்டா 6 மே. மாசத்த எழுத்துல போடுங்க, விவகாரமே இல்ல. “இ.ஓ.டி.”ங்கறதும் அப்படித்தான், யாரோட நாள் முடியற நேரம்? மே மாசத்துல நமக்கும் ஜெர்மனிக்கும் மூணரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்துல நாலரை ஆயிடும். நீங்க சாயந்தரம் ஆறு மணிக்கு கிளம்பும்போது அவங்களுக்கு மத்தியானம் ரெண்டரைதான், அவங்க நாள் முடியறப்போ நீங்க சாப்பிட்டுத் தூங்கப் போயிருப்பீங்க. அதனாலதான் மேல “உங்க நேரம் மதியம் 12 மணி”ன்னு போட்டேன்.

நீங்க ஃப்ரீயா எழுதி திட்டு வாங்கின மெயில எனக்கு அனுப்பல, அதனால ஊகமாத்தான் சொல்றேன். பொதுவா நடக்கறது என்னன்னா, விறைப்ப விடச் சொன்னதும் பசங்க நேரா வாட்ஸ்அப் பாஷைக்கு எறங்கிடறாங்க, “ஹாய்ய், ஸ்மால் இஷ்யூ, வில் மேனேஜ், டோன்ட் வொர்ரி”, பின்னாடி ஒரு கும்பிடு எமோஜி. யோசிச்சுப் பாருங்க, “டோன்ட் வொர்ரி”லயும் தேதி இல்ல, “ஸ்லைட் டிலே”லயும் தேதி இல்ல. மனு நடையும் ஃப்ரெண்டு நடையும் ஒரே வேலையத்தான் செய்யுது, விஷயத்த சொல்லாம நழுவுது. உங்க மேனேஜர் ரெண்டையும் திட்டினதுல முரண்பாடே இல்லன்னு எனக்குத் தோணுது, பாவம் அவருக்கு அதை விளக்கிச் சொல்லத் தெரியல. நடுவுல ஒரு நடை தேடணும்னா, அந்தப் பையர் திருப்பூருக்கே வந்து உங்க சாம்பிள் ரூம்ல எதிர்ல உக்காந்திருக்காங்கன்னா இதை எப்படிச் சொல்லுவீங்கன்னு வாய் விட்டுச் சொல்லிப் பாருங்க. எதிர்ல உக்காந்திருக்கறவங்ககிட்ட யாரும் “வித் ரெஃபரன்ஸ் டு த ட்ரெயிலிங் மெயில்”னு ஆரம்பிக்க மாட்டோம், “ஹாய்ய்”னும் இழுக்க மாட்டோம்.

அன்பா ரெண்டு வார்த்தை எழுதணும்னு ஆசையா இருந்தா எழுதுங்க, தப்பே இல்ல, ஆனா அது உண்மையா அவங்களப் பத்தினதா இருக்கணும். போன வாரம் அவங்க லீவுல போயிட்டு வந்தாங்கன்னா “லீவு நல்லா போச்சுன்னு நம்பறேன்”னு ஒரு வரி. “ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்” எல்லாருக்கும் எல்லா நாளும் போறதால அதை யாரும் படிக்கறதே இல்ல. லேட்டு, க்ளெய்ம், ரிஜெக்ஷன் மாதிரி கெட்ட சேதி சொல்ற மெயில்ல அந்த அன்பு வரியும் வேண்டாம், நேரா விஷயம்.

ரிமைண்டருக்கும் இதேதான். மூணு நாள் காத்திருந்துட்டு “ஜென்ட்டில் ரிமைண்டர்”னு சப்ஜெக்ட்ல போட்டு பழைய மெயில அப்படியே திரும்பத் தள்ளறது நம்ம எல்லா ஆபீஸ்லயும் நடக்குது. முதல் மெயில் புரியாததால பதில் வரலைன்னா அதையே ரெண்டாவது தடவை அனுப்பி என்ன பிரயோஜனம்? கேள்விய மேல ஒரு வாக்கியத்துல திரும்ப எழுதுங்க, “4417 நேவிக்கு ஏ-வா பி-யா, நாளைக்கு மதியம் 12க்கு புக்கிங் மூடுது”, அவ்வளவுதான், கீழ பழைய மெயில் இருந்துட்டுப் போகட்டும். அப்பவும் பதில் இல்லன்னா ஃபோன் பண்ணுங்க. மெயில் அனுப்பிட்டோம், நம்ம கடமை முடிஞ்சுதுன்னு உக்காந்தா 23 மே சாயந்தரம் மேனேஜர் முன்னாடி நிக்கறது நீங்கதான்.

இதெல்லாம் வெளிநாட்டு பையருக்கு. உள்ளூர்ல ஆடிட்டர், பேங்க், அரசு அலுவலகம்னு எழுதும்போது பழைய நடை எதிர்பார்க்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க, அங்க “ரெஸ்பெக்டட் சார்”னு ஆரம்பிச்சா ஒண்ணும் குடி முழுகாது, ஆனா உள்ள நம்பரும் தேதியும் கேள்வியும் இருக்கட்டும். உங்க கம்பெனி எம்.டி.க்கு “கைண்ட்லி” இல்லாத மெயில் மொட்டையாத் தெரிஞ்சா ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோங்க, அதுக்காக சண்டை வேண்டாம். “ரிவர்ட்”டுக்கு மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.

இப்போ அந்த “வாட் டூ யூ நீட்”டுக்கு என்ன பதில் போடறதுன்னு யோசிச்சிட்டு இருப்பீங்க. அந்தப் பழைய மெயில் மேலயே ரிப்ளை போட்டு விளக்கம் எழுதாதீங்க, சப்ஜெக்ட்ல இன்னும் பழைய தலைப்புதான் ஓடிட்டு இருக்கும், நாளைக்கு அவங்க தேடினா கிடைக்காது. அவங்க மெயிலுக்கு “தேங்க்யூ, முழு விவரம் தனி மெயில்ல இப்போ அனுப்பறேன், சப்ஜெக்ட் ஸ்டைல் 4417 நேவி”ன்னு ஒரு வரி பதில் போட்டுட்டு, மேல சொன்ன மாதிரி புது மெயில் போடுங்க. போடறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட ரெண்டு வழியையும் தேதியையும் காட்டி ஓகே வாங்கிடுங்க, முக்கியமா டையிங் மாஸ்டர் சொன்ன அந்த 26 மேய நீங்களே ஒரு தடவை யூனிட்டுக்கு நேர்ல போய் பாத்துட்டு எழுதுங்க.